பழைய போட்டோக்களை வைத்து, இறந்த நாயைத் தோட்டத்தில் உட்காரவைக்கும் நினைவுப் படம்

நாய் இறந்த பிறகு வீட்டில் இருக்கும் எல்லாச் செல்போன்களையும் தேடினால் முப்பது நாற்பது போட்டோ தேறும். கட்டிலுக்கடியில், ஜீப்பில், சோற்றுத் தட்டின் முன்னால் என்று எல்லா இடத்திலும் அது இருக்கும். நாள் முழுக்கக் கிடந்த தோட்டத்தில், ஹைட்ரேஞ்சியா புதர் பக்கத்தில் ஒழுங்காக உட்கார்ந்த படம் மட்டும் இருக்காது. அந்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் ஜிம்ப் மென்பொருளை வைத்துச் செய்வது எப்படி என்பதே இங்கே சொல்லப்படுகிறது. மென்பொருள் இலவசம். செலவெல்லாம் பிரிண்டுக்கும் பிரேமுக்கும்தான்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பிரவுனி என்கிற நாட்டு நாய். உட்கார்ந்தால் காது நுனி வரை இரண்டடிக்குச் சற்று மேல். நெஞ்சில் வெள்ளைத் திட்டு, இடது காதில் ஒரு வெட்டு, வலது முன்காலில் வெள்ளைப் பாதம், கழுத்தில் சிவப்பு பெல்ட். சலித்தெடுத்த பிறகு கையில் ஐந்து போட்டோ இருக்கிறது.

1. ஒரே ஒரு போட்டோவிலிருந்துதான் உடம்பு, மற்றவை சாட்சிகள்

முதல் தவறு இங்கேதான் நடக்கும். ஒரு போட்டோவில் உடம்பு நன்றாக இருக்கும், இன்னொன்றில் முகம் அழகாக இருக்கும். இரண்டையும் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். முகத்துக்கு நெருக்கமாக, ஒரு அடி தூரத்தில் செல்போனை வைத்து எடுத்தால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் விழும். நாலடி தள்ளி எடுத்த உடம்பின்மேல் அந்தத் தலையைச் சின்னதாக்கி வைத்தாலும் உட்காராது. அளவை மாற்றலாம், மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதத்தை மாற்ற முடியாது. கழுத்தில் எவ்வளவு நேரம் பூசினாலும் வீட்டுக்காரர்கள் பார்த்தவுடன் சொல்வது, “இது நம்ம பிரவுனி இல்லையே” என்பதுதான்.

ஆகவே தலையும் உடம்பும் ஒரே போட்டோவிலிருந்து வர வேண்டும். மூலப்படத்தில் மூன்று விஷயம் பாருங்கள். காதும் கண்ணும் முழுதாகத் தெரிய வேண்டும். வெளிச்சம் மேகமூட்டமாக இருந்தால் நல்லது. பிளாஷ் போட்டு எடுத்தது ஆகாது. பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறையில் எடுத்ததும் ஆகாது, ஏனென்றால் போன் முடி ஓரங்களையும் சேர்த்துக் கரைத்திருக்கும்.

பிரவுனி வீட்டில் வாசற்படியில் உட்கார்ந்த போட்டோவை மூலமாக எடுக்கிறோம். மேகமூட்டமான மதியம், எடுத்தவர் குத்துக்காலிட்டு எடுத்திருக்கிறார். இரண்டு குறை: இடது முன்பாதத்தை ஒரு செருப்பு மறைக்கிறது, சிவப்புக் காவித் தரையின் நிறம் நெஞ்சு வெள்ளையில் ஏறியிருக்கிறது. இரண்டையும் பின்னால் சரிசெய்யலாம்.

மீதி நான்கும் சாட்சிகள். புல்லில் படுத்திருக்கும் போட்டோ நெஞ்சு வெள்ளையின் உண்மை நிறத்தைச் சொல்லும். பிளாஸ்டிக் நாற்காலி பக்கத்தில் நிற்கும் போட்டோ உயரத்தைச் சொல்லும். நெருக்கமான முகப்படம் கண்ணின் நிறத்துக்கு. உறவினர் அனுப்பிய வாட்ஸாப் போட்டோ எந்தக் காதில் வெட்டு, எந்தக் காலில் வெள்ளை என்று சொல்லும். இவற்றிலிருந்து ஒரு துண்டையும் வெட்டி ஒட்டப் போவதில்லை. பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்யப் போகிறோம்.

2. அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோவின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். போனில் பார்த்தால் தெரியாது, பிரிண்டில்தான் தெரியும். வாசற்படிப் போட்டோவின் அசல் 3000 × 4000 பிக்சல். அதில் பிரவுனி மட்டும் சுமார் 1550 பிக்சல் உயரம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால் நாய் ஐந்து அங்குலம் வரை தெளிவாக விழும். அதே போட்டோ வாட்ஸாப் வழியாக வந்திருந்தால் நாய் 620 பிக்சல்தான், தெளிவாக இரண்டு அங்குலம்.

எடுத்தவரிடம் “டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்” என்று கேளுங்கள், அல்லது கேபிள் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது போனை மாற்றுவதற்கு முன் இதை முடியுங்கள். போட்டோ எடுத்த அந்தப் பழைய போன் வீட்டிலேயே கிடந்தால் விற்றுவிடாதீர்கள். அடுத்த வேலைக்கு அதுதான் வேண்டும்.

3. பழைய போட்டோ எடுத்த இடத்துக்குப் போய் அளந்துகொள்ளுங்கள்

தோட்டப் படத்தை முதலில் அழகாக எடுத்து, அப்புறம் நாயை அதில் பொருத்தப் பார்ப்பவர்கள்தான் அதிகம். முறை அதற்கு நேர்மாறு. நாயின் போட்டோவை இனி மாற்ற முடியாது, தோட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆகவே தோட்டம்தான் நாய்க்கு இணங்கி வர வேண்டும்.

அதே போனை எடுத்துக்கொண்டு அதே வாசற்படிக்கு முன் குந்துங்கள். பழைய போட்டோவை இன்னொரு போனில் திறந்து பக்கத்தில் வையுங்கள். படியின் இரண்டு ஓரமும் கதவுச் சட்டமும் பழைய போட்டோவில் இருக்கும் அதே இடத்தில், அதே அகலத்தில் திரையில் விழும்வரை முன்னே பின்னே, மேலே கீழே நகருங்கள். ஜூம் செய்யக் கூடாது. பொருந்தியதும் டேப் பிடித்து இரண்டு அளவு எடுங்கள்: தரையிலிருந்து போன் எவ்வளவு உயரம், நாய் உட்கார்ந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம். பிரவுனிக்கு உயரம் இரண்டடி, தூரம் நாலடி. போன் நேராக இருந்ததா, கொஞ்சம் கீழே சாய்ந்திருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்திலும் இதே போன், இதே உயரம், இதே தூரம், இதே சாய்வு என்றால் நாயைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வேண்டியதில்லை. வெட்டி வைத்த அளவிலேயே சரியாக உட்காரும்.

வீடு மாறிவிட்டது, அந்த இடமே இல்லை என்றால் போட்டோவில் உள்ள செங்கல் வரிசையையோ ஓட்டுத்தரைக் கோடுகளையோ பாருங்கள். பக்கவாட்டில் போகும் சுவரில் கேமராவுக்குக் கீழே உள்ள வரிசைகள் தூரம் போகப் போக ஏறும், மேலே உள்ளவை இறங்கும். ஏறாமலும் இறங்காமலும் மட்டமாகப் போகிற வரிசைதான் போன் இருந்த உயரம். போனும் வேறு என்றால் அளவை அடுத்த படியில் வரும் குச்சி காப்பாற்றும்.

4. தோட்டத்தில் மூன்று படம்

இடம் தேடும்போது மட்டத்தைப் பாருங்கள். மலை வீட்டுத் தோட்டத்தில் மட்டமான தரை குறைவு. வாசற்படியில் நேராக உட்கார்ந்த நாயைச் சரிவில் வைத்தால் அது சாய்ந்து விழப்போவது போலத் தெரியும். கல் கட்டை ஒட்டிய மேல் தட்டில், கிக்கூயூ புல் கணுக்கால் அளவுக்கு வளர்ந்த மட்டமான திட்டு கிடைத்தால் அதுவே போதும். புல்லை வெட்டிவிடாதீர்கள், செருப்பு மறைத்த பாதத்தை அதற்குள்தான் ஒளிக்கப் போகிறோம்.

நேரம்: மூலப்படம் மேகமூட்டத்தில் எடுத்தது என்பதால் தோட்டத்தையும் மேகமூட்டத்தில் எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மலையில் இருப்பவர்களுக்கு யோகம். மதியத்துக்கு மேல் மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறுகிற நாட்களில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வரும். பின்னால் இருக்கும் சில்வர் ஓக் மரங்கள் தெரிகிற அளவு மஞ்சு போதும், எல்லாம் வெளுத்துப்போனால் நிறுத்திவிடுங்கள். மழை விட்டவுடன் எடுக்காதீர்கள். இலையெல்லாம் நனைந்து மினுங்கும், நாயின் முடி மட்டும் காய்ந்திருக்கும். பார்ப்பவருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும்.

மூலப்படம் வெயிலில் எடுத்தது என்றால் வேலை கூடும். போட்டோவில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, நாயின் உயரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். தோட்டத்தில் நட்ட குச்சியின் நிழல் அதே நீள விகிதத்துக்கு வரும் நேரம் வரை காத்திருந்து, நிழல் அதே பக்கம் விழும்படி நீங்கள் சுற்றிப்போய் நில்லுங்கள். சூரியனை நகர்த்த முடியாது, உங்களால் நகர முடியும். சிலர் படத்தை இடம் வலமாகத் திருப்பி வெளிச்சத்தைச் சரிசெய்வார்கள். அப்படிச் செய்தால் இடது காது வெட்டு வலது காதுக்குப் போய்விடும். வளர்த்தவர்கள் அதை ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள்.

பருவமும் கணக்கில் உண்டு. டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும் பள்ளங்களில் புல் கருகிப் பழுப்பாகிவிடும், ஹைட்ரேஞ்சியாவும் காய்ந்த கொத்தோடு நிற்கும். பூவோடு படம் வேண்டும் என்றால் கோடை வரை பொறுக்க வேண்டியதுதான்.

போனைக் கவிழ்த்த வாளிமேல் செங்கல் அடுக்கி இரண்டடி உயரத்துக்கு வைத்து, இரண்டு கல்லுக்கிடையில் செருகி, டைமர் போட்டு எடுங்கள். மூன்று படமும் முடியும்வரை போன் அசையக் கூடாது.

முதல் படம், வெறும் தோட்டம். நாலைந்து தடவை எடுங்கள், காற்றில் பூ ஆடாத ஒன்று தேறும்.

இரண்டாவது படம், குச்சியும் பெல்ட்டும். நாய் உட்கார்ந்த உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டி அது உட்காரப் போகும் இடத்தில் நட்டு, கழுத்து உயரத்தில் அதன் பெல்ட்டைக் கட்டுங்கள். உயரம் தெரியவில்லை என்றால் நாற்காலிப் போட்டோவையும் வீட்டு நாற்காலியையும் வைத்துக் கணக்கிடலாம். நாய் தினமும் சாய்ந்து உட்கார்ந்ததால் சுவரில் படிந்த அழுக்குக் கறையும் நல்ல அளவுகோல், சுண்ணாம்பு அடிப்பதற்குள் அளந்துவிடுங்கள். குச்சி அளவைச் சொல்லும், பெல்ட் நிறத்தைச் சொல்லும். அதே சிவப்பு பெல்ட் மூலப்படத்திலும் இருக்கிறது அல்லவா? இரண்டு வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அதை வைத்தே அளந்துவிடலாம். பெல்ட்டையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள் என்றால் போட்டோவில் விழுந்த அதன் படுக்கைத் துணியைப் போடலாம்.

மூன்றாவது படம், சாக்கு. ஒரு சாக்கில் வைக்கோலோ பழந்துணியோ அடைத்து, நாய் பருமனுக்குக் கட்டி அதே இடத்தில் உட்காரவையுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் புல்லில் அந்த நேரத்தில் நிழல் எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு தூரம் விழும் என்று வேறு எந்த வழியிலும் தெரிந்துகொள்ள முடியாது.

5. கம்ப்யூட்டரில் வெட்டி வைப்பது

வெறும் தோட்டப் படத்தை ஜிம்ப்பில் திறந்து, `File > Open as Layers` மூலம் குச்சி, சாக்கு படங்களையும் அவற்றுக்கும் மேலே மூலப்படத்தையும் அடுக்குங்கள். இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு படமும் ஒரு லேயர். குச்சி, சாக்கு லேயர்களை இப்போதைக்கு மறைத்து வையுங்கள். அழிப்பானைத் தொடாதீர்கள். நாய் லேயரில் `Layer > Mask > Add Layer Mask` கொடுத்து, White (full opacity) தேர்ந்தெடுங்கள். மாஸ்க்கில் கறுப்புப் பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். எத்தனை தப்பு செய்தாலும் நாய் அழியாது.

முதலில் பெரிய பிரஷ்ஷால் சுற்றியுள்ளதைக் கறுப்பாக்கிவிட்டு, படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஓரத்துக்கு வாருங்கள். கத்தரியால் வெட்டியது போல வழவழவென்று ஓரம் வந்தால் அட்டைப் பொம்மையாகிவிடும். 3 பிக்சல் பிரஷ்ஷை வைத்து, முடி போகிற திசையில் உள்ளிருந்து வெளியே சின்னச் சின்னக் கோடாக இழுங்கள். கழுத்திலும் வாலிலும் கோடு நீளமாக, முகத்திலும் காலிலும் மிகக் குட்டையாக. நாட்டு நாய்க்கு இரண்டு மணி நேரம் போதும். சடை நாய் என்றால் இரண்டு மாலை போய்விடும்.

குச்சி லேயரைக் காட்டி, நாயின் காது நுனி குச்சி நுனிக்கும் பெல்ட் பெல்ட்டுக்கும் சேர்கிறதா என்று பார்த்து நகர்த்துங்கள்.

6. நிறத்தை பெல்ட்டிடம் கேளுங்கள்

கலர் பிக்கர் கருவியில் `Sample average` போட்டு, இரண்டு படத்திலும் பெல்ட்டின் வானம் பார்த்த பக்கத்தைத் தொடுங்கள். பிரவுனிக்கு வாசற்படியில் சிவப்பு 150, பச்சை 38, நீலம் 40. தோட்டத்தில் 141, 40, 49. தோட்டத்து வெளிச்சம் சற்று நீலமாகவும் மங்கலாகவும் இருக்கிறது என்று பொருள். நாய் லேயரில் `Colors > Color Temperature` திறந்து நீலப் பக்கம் கொஞ்சம் தள்ளி, `Colors > Curves` வைத்து வெளிச்சத்தைச் சற்று இறக்கி, பெல்ட் எண்கள் பக்கத்தில் வரும்வரை மாற்றுங்கள். ஓரிரு எண் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மாற்றும்போது மாஸ்க் அல்ல, நாய் படம்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் சரியான பிறகும் நெஞ்சும் வயிற்றடியும் சிவந்தே இருக்கும். அது வெளிச்சத்தின் நிறமல்ல, காவித் தரையிலிருந்து எதிரொளித்து வந்தது. மேலே ஒரு புது லேயர் போட்டு அதன் Mode-ஐ HSL Color ஆக்குங்கள். புல்லில் படுத்த போட்டோவிலிருந்து நெஞ்சு வெள்ளையைத் தொட்டெடுத்து, 30 சதவீத அடர்த்தியில் மெதுவாகப் பூசுங்கள். இந்த முறையில் நிறம் மட்டும் மாறும், முடியின் வெளிச்சமும் நிழலும் அப்படியே நிற்கும்.

மஞ்சு படம் என்பதற்காக நாய்மேலும் வெள்ளைப் பூச்சுக் கொடுக்க நினைப்பார்கள். நாலடி தூரத்தில் மஞ்சு எதையும் மறைக்காது. தூரத்து மரம்தான் வெளுக்கும், நாய் அழுத்தமாகவே இருக்க வேண்டும்.

7. நாயைத் தரையில் உட்காரவைப்பது

நாய் மிதக்கிறது என்றால் குற்றம் காலடியில்தான். தோட்டத்துக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு லேயர் போட்டு Mode-ஐ Multiply ஆக்குங்கள். சாக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டு பூசுங்கள். மேகமூட்டத்தில் நிழல் நீண்டு விழாது. உடம்பு புல்லைத் தொடுகிற இடத்தில் விரல்கடை அளவுக்கு நல்ல கறுப்பு, அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கரைந்துவிடும். நிறத்தைச் சாக்கின் நிழலிலிருந்தே தொட்டெடுத்து, குறைந்த அடர்த்தியில் பூசுங்கள். புல்லின் நிழல் கரும்பச்சையாக இருக்கும். சுத்தக் கறுப்பைப் பூசினால் தார் கொட்டியது போல இருக்கும்.

அடுத்தது பாதம். வாசற்படியில் பாதம் முழுதாகத் தெரியும். புல்லில் அப்படித் தெரியாது, விரல்களுக்கு முன்னால் புல் எழுந்து நிற்கும். நாய் மாஸ்க்கில் கறுப்பு நிறத்தில், 2 முதல் 4 பிக்சல் பிரஷ்ஷால் கீழிருந்து மேலே புல் வடிவில் இழுத்தால் பின்னால் இருக்கும் உண்மையான புல் எட்டிப்பார்க்கும். இரண்டு பாதத்துக்கும் ஏற்றத்தாழ்வாகப் போடுங்கள். செருப்பு மறைத்த இடது பாதத்தில் அடர்த்தியாக இழுத்துச் செருப்பைப் புல்லுக்குள் அனுப்பிவிடலாம். வலது பாதத்தின் வெள்ளை மட்டும் தெரிய வேண்டும், வாட்ஸாப் போட்டோவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

சரிபார்க்க: எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிறம் நிரப்பிய லேயர் ஒன்றை HSL Color முறையில் வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். நாய் சுற்றுப்புறத்தைவிட வெளுப்பாகவோ கறுப்பாகவோ துருத்தினால் அப்போது பளிச்சென்று தெரியும். பார்த்ததும் அந்த லேயரை நீக்கிவிடுங்கள். பிறகு ஒரு நாள் மூடிவைத்துவிட்டு, மறுநாள் வீட்டில் இன்னொருவரிடம் எதுவும் சொல்லாமல் காட்டுங்கள். அவர் கண் முதலில் எங்கே போகிறதோ அங்கேதான் மிச்ச வேலை இருக்கிறது.

8. பிரிண்ட், பிரேம், ஈரம்

ஜிம்ப்பின் `.xcf` கோப்பாக ஒன்று சேமித்து வைத்துக்கொண்டு, கடைக்கு 95 தரத்தில் `.jpg` எடுங்கள். போன் படம் 3:4, எட்டுக்குப் பன்னிரண்டு பிரிண்ட் 2:3. பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டுப்படும் என்பதால் நீங்களே வெட்டிக்கொடுங்கள், கடையில் வாலை வெட்டிவிடுவார்கள். அந்த அளவில் பிரவுனி நாலரை அங்குலத்துக்குச் சற்று மேல் வரும்.

முதலில் நாலுக்கு ஆறு ஒன்று போட்டுப் பாருங்கள். சில பத்து ரூபாய்க்குள் முடிகிற விஷயம். திரையில் சரியாக இருப்பது பிரிண்டில் ஒரு படி இருட்டாக விழுவது வழக்கம், பழுப்பு நாய் கறுப்பாகிவிடும். Curves-இல் சற்று ஏற்றிவிட்டுப் பெரிய பிரிண்டுக்குக் கொடுங்கள். “கலர் கரெக்‌ஷன் எதுவும் போடாதீர்கள்” என்று வாயால் சொல்லுங்கள், கவரிலும் எழுதுங்கள். இல்லாவிட்டால் மெஷின் மஞ்சு வெளிச்சத்தைத் தவறென்று நினைத்துத் திருத்திவிடும். பெரிய அளவுகளைச் சமவெளியில் உள்ள லேபுக்கு அனுப்பி வாங்கித் தரும் கடைகளும் உண்டு. மழைக்காலத்தில் அதற்குக் கூடுதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டைவிட பிரேமுக்கே அதிகம் ஆகும், இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள்.

பலகையில் ஒட்டும் லேமினேஷன் இந்த ஊர் ஈரத்துக்குச் சரிவராது. அழுத்திய மரத்தூள் பலகை ஓரத்தில் நீர் குடித்து உப்பும். கண்ணாடி பிரேமே போடுங்கள், ஆனால் பிரிண்ட் கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். சுற்றிலும் மவுண்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள், அந்தத் தடிமனே இடைவெளி கொடுத்துவிடும். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டாமல் நடுச்சுவரில் மாட்டி, பிரேமின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துக் கண்ணாடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். நரைத்த புள்ளி தெரிந்தால் பூஞ்சை தொடங்கிவிட்டது. வெயிலடிக்கும் நாளில் பின்னட்டையைத் திறந்து, பிரிண்டை நிழலில் உலரவைத்து, கண்ணாடியைத் துடைத்துக் காயவைத்து மூடுங்கள். புள்ளி பிரிண்டிலேயே இறங்கியிருந்தால் துடைக்காதீர்கள், கலர் போய்விடும். சேமித்து வைத்த கோப்பிலிருந்து இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம்.